கல்லூரிக் கட்டணம் 9% ஏறுகிறதா? மாதம் எவ்வளவு சேர்க்கணும்?

"8 வருஷம் முன்னாடி ஆண்டுக் கட்டணம் 1,00,000. இப்போ 1,72,000. 72-ஐ 8-ஆல் வகுத்து 9% என்று வைத்திருக்கிறேன். மகளுக்கு 6 வயது, 18-ல் நாலு வருடப் படிப்பு. மாதம் எவ்வளவு போடணும்?"

அந்த 9% தான் சிக்கல். உயர்வு முந்தைய ஆண்டுக் கட்டணத்தின் மேல் ஏறுவதால் கூட்டு விகிதம்தான் எடுக்க வேண்டும். விரிதாளில் இதை அடித்துப் பாருங்கள்:

```
=RATE(8,0,-100000,172000)
```

7% வரும். 12 வருடம் கழித்து முதலாண்டுக் கட்டணம் 3.87 லட்சம். 9% என்றால் 4.84 லட்சம் என்று காட்டி உங்களைப் பயமுறுத்தியிருக்கும். ஆனால் இடையில் உள்ள வருடங்களையும் பாருங்கள். கடைசி வருடத்தில் மட்டும் பெரிதாக ஏற்றியிருந்தால் இந்த 7%-உம் மிகைதான்.

சரி, மாதத் தொகை. உங்கள் சேமிப்பும் வரி போக 7% வளர்ந்தால் கணக்கு சுலபம். படிக்கும்போது கட்டணம் ஏறும் அளவுக்கு மீதிப் பணமும் வளரும், அதனால் சேரும் நாளில் 3.87-ஐப் போல நாலு மடங்கு, சுமார் 15.5 லட்சம் கையில் இருந்தால் போதும். அதற்கு 144 மாதம், மாதம் 7,000.

இப்போது 7,000 கஷ்டம் என்றால் 5,000-ல் தொடங்கி வருடாவருடம் 7% கூட்டுங்கள். ஏறக்குறைய அதே இடத்துக்கு வரும், ஆனால் கடைசி வருடம் மாதம் 10,500 போட வேண்டியிருக்கும். சம்பளம் ஏறும் வேலை என்றால் நான் இதைத்தான் சொல்வேன். விடுதிச் செலவு இதில் இல்லை, அதற்குத் தனி விகிதம் போடுங்கள்.