படம் தலைகீழ், சத்தம் சரி: வழக்கு யார் மேல்?

*வக்கீல் அய்யா, எங்கள் அப்பச்சியின் அறுபதாம் சாந்திக்குக் காரைக்குடிக் கடையில் 46,000 ரூபாய்க்கு 55 அங்குல டிவி வாங்கினோம். பத்து மாதம் ஆகிறது. அப்டேட் கேட்டுக்கொண்டே இருந்தது; வளவில் வைஃபை எட்டாததால் பாதியிலேயே நின்றுவிடும். கடைக்குப் போன் போட்டேன். கடை நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் வந்தது. மறுநாள் கடைப்பையன் வந்து, அந்தப் பைலைப் பென்டிரைவில் ஏற்றி டிவியில் செருகினான். 300 ரூபாய் ஜிபே செய்தேன். அன்றிலிருந்து சத்தம் வருகிறது, படம் தலைகீழாக, நெகட்டிவ் மாதிரி வருகிறது. சர்வீஸ் சென்டரில், "வெளி சாஃப்ட்வேர் போட்டிருக்கிறீர்கள், வாரண்டி கிடையாது, போர்டு மாற்ற 14,500" என்று ஏளனமாகப் பேசுகிறார்கள். சாந்தி நாளின் வீடியோவைக்கூடப் பார்க்க முடியவில்லை. கம்பெனி மேல் 5 லட்சம் கேட்டு வழக்குப் போடலாமா? - ஓர் ஆச்சி, பள்ளத்தூர்*

சர்வீஸ் சென்டர்க்காரர் எப்படிப் பேசினார் என்பதை விட்டுவிடுங்கள். சாந்தி வீடியோவும் வழக்குக்கு உதவாது. கேள்வி ஒன்றுதான்: அந்தப் பைல் எங்கிருந்து வந்தது, எந்த மாடலுக்கானது?

அதற்குப் பாதி விடையை உங்கள் டிவியே சொல்லிவிட்டது. அப்டேட் நடக்கும்போது கரண்ட் போயிருந்தால் ஸ்டாண்ட்பை விளக்கு மட்டும் மினுக்கும். அல்லது கம்பெனி லோகோ வந்து வந்து மறையும். உங்களுக்குச் சத்தம் வருகிறது, படம் மட்டும் கவிழ்ந்து நிறம் மாறியிருக்கிறது. இது பெரும்பாலும் வேறு திரைப் பேனலுக்கான ஃபர்ம்வேர், அதாவது டிவியை இயக்கும் உள் மென்பொருள், ஏறியதன் அடையாளம். ஒரே மாடலைக் கம்பெனி இரண்டு மூன்று பேனல் வைத்து விற்கும். பின்பக்க ஸ்டிக்கரில் மாடல் எண்ணின் கடைசி எழுத்துகள் மட்டும் வேறுபடும். முன் எழுத்துகளைப் பார்த்துவிட்டுப் பைலை இறக்கினால் இப்படித்தான் ஆகும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் வருகிறது. ஒன்று, போர்டு சாகவில்லை. சரியான ஃபர்ம்வேரை மறுபடி ஏற்றினால் படம் நேராக வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. அதைச் செய்து பார்க்காமல் 14,500 கேட்டது ஏன் என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டு, கம்பெனி மேல் வழக்கு நிற்காது. கம்பெனியின் சொந்த அப்டேட் இணையம் வழியே வந்தால் டிவியின் மாடலைத் தானே சரிபார்த்த பிறகுதான் ஏறும். உங்கள் பைல் அந்த வழியில் வரவில்லை. போதாக்குறைக்கு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் பிரிவு 2(22), பொருளுக்கே ஏற்பட்ட சேதத்தை "தீங்கு" என்ற வரையறையிலிருந்து விலக்கிவிடுகிறது. தயாரிப்பாளர் பொறுப்பு என்று 5 லட்சம் கேட்க உங்களுக்கு வழியே இல்லை. டிவி வெடித்து வீடு எரிந்திருந்தால் கதை வேறு.

எதிர்மனுதாரர் கடைதான். அங்கே அந்த 300 ரூபாய் பேசும். இலவசமாகச் செய்த வேலை சட்டப்படி "சேவை" ஆகாது. "பழக்கத்துக்காகச் செய்தோம்" என்று கடை தப்பிக்கப் பார்க்கும். பணம் பையனின் சொந்தக் கணக்குக்குப் போயிருந்தாலும், லிங்க் கடை நம்பரிலிருந்து வந்திருப்பதால் அவன் கடை வேலையாகத்தான் வந்தான் என்று வாதிடலாம்.

இனிச் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். இந்த மாதிரி வழக்குகளில் கட்சிக்காரர்கள் தோற்பது பெரும்பாலும் தங்கள் கையாலேயே. பொறுமை இழந்து, அடுத்த தெருவில் ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டு, அவர் இன்னொரு பைலை ஏற்றிவிடுகிறார். டிவி பிழைத்தால் சரி. பிழைக்காவிட்டால் எந்தப் பைல் எதைக் கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பொருளைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பும் அதிகாரம் நுகர்வோர் ஆணையத்துக்கு உண்டு; பரிசோதிக்க மிச்சம் ஏதாவது இருக்க வேண்டுமே. அதற்கான கட்டணத்தை முதலில் கட்டுவதும் நீங்கள்தான்.

அதைவிட மோசம் பென்டிரைவ். பேரன் பாட்டு ஏற்ற வேண்டும் என்று அழித்துவிடுவார்கள். அதில் இருக்கும் பைலின் பெயரில்தான் பெரும்பாலும் மாடல் எண், பதிப்பு எண் எல்லாம் இருக்கும். உங்கள் ஸ்டிக்கரையும் அந்தப் பெயரையும் பக்கத்தில் வைத்தால் வழக்கு ஒரே நிமிடத்தில் புரியும். இன்றைக்கே பென்டிரைவை ஒரு கவரில் போட்டு ஒட்டி, தேதி எழுதி, பெட்டகத்தில் வையுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள்.

மூன்றாவது குழி, சர்வீஸ் சென்டரில் பழுதை எழுதித் தரும் ஜாப்ஷீட். "வாடிக்கையாளரால் ஏற்பட்ட பழுது" என்று அச்சடித்த வரிக்குக் கீழே கையெழுத்து வாங்குவார்கள். கையெழுத்துக்கு மேலே "பைல் போட்டது கடை ஊழியர், இந்தக் காரணத்தை நான் ஏற்கவில்லை" என்று கையால் எழுதிவிட்டுப் போடுங்கள். போர்டு மாற்றினால் பழைய போர்டைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்க மாட்டோம் என்றால் அதையும் அந்தத் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள்.

வழக்குச் செலவைப் பொறுத்தவரை, 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு ஆணையத்தில் கட்டணம் இல்லை. கெடு இரண்டு வருடம். ஆனால் 14,500 ரூபாய்க்காகச் சிவகங்கைக்கு எத்தனை வாய்தா பஸ் ஏறுவீர்கள்? கிடைத்தாலும் தேய்மானத்தைக் கழித்துத்தான் கொடுப்பார்கள். சமரசமாகப் போங்கள் ஆச்சி. கடைக்கு ஸ்பீட் போஸ்டில் ஒரு நோட்டீஸ்: முதலில் கடைச் செலவில் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் சரியான ஃபர்ம்வேரை ஏற்ற வேண்டும், அதில் சரியாகாமல் போர்டுதான் மாற்ற வேண்டும் என்றால் 14,500-இல் பாதி, 7,250 கடை தர வேண்டும். புதுப் போர்டுக்குத் தனி வாரண்டியும், பேனலுக்கு மீதி இரண்டு மாத வாரண்டி தொடரும் என்பதும் எழுத்தில் வேண்டும். டிவி ஒரு வாரம் சரியாக ஓடிய பிறகு "தீர்ந்தது" என்று கையெழுத்துப் போடுங்கள், முன்னால் வேண்டாம். கடை மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார், அதற்கும் அசையாவிட்டால் ஆணையம்.

டிவி சரியானதும் மறுபடி அப்டேட் கேட்கும். நன்றாக ஓடுகிற டிவிக்கு அது அவசரமில்லை. ஒரு ஆப் பழைய பதிப்பில் ஓடாது என்று நின்றுவிட்டால், அல்லது கம்பெனி வெளியிட்ட குறிப்பில் உங்கள் டிவியிலேயே இருக்கும் கோளாறு பெயர் சொல்லி இருந்தால், அல்லது பாதுகாப்பு ஓட்டையை அடைத்ததாகச் சொன்னால் செய்யுங்கள். புதுப் பதிப்பு பிடிக்கவில்லை என்றால் பழையதற்குத் திரும்பப் பெரும்பாலும் விடமாட்டார்கள்.

வைஃபை எட்டாததற்குப் பென்டிரைவ் தேவையே இல்லை. செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தாண்டி எந்த ரூட்டரும் வராது. போனை டிவிக்குப் பக்கத்தில் வைத்து ஹாட்ஸ்பாட் போடுங்கள். டேட்டா இரண்டு ஜிபி மிச்சம் இருந்தால் பொதுவாகப் போதும். பென்டிரைவ்தான் வழி என்றால், பைல் கம்பெனியின் இணையதளத்திலிருந்து மட்டும், ஸ்டிக்கரில் உள்ள முழு எண்ணுக்கு. பென்டிரைவ் FAT32 முறையில் ஃபார்மட் செய்ததாக இருக்கட்டும். ஜிப்பைப் பிரித்து, எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாமல் வெளியிலேயே வையுங்கள். தொடங்கும் முன் `About` பக்கத்தைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்பு என்று அறிவித்த நாளில் செய்யாதீர்கள். இன்வர்ட்டர் இருக்கிறது என்று துணியவும் வேண்டாம்: பல இன்வர்ட்டரில் யுபிஎஸ் முறைக்குத் தனி சுவிட்ச் உண்டு, சாதாரண முறையில் மாறும் கணத்தில் டிவி அணைந்துவிடும். திரை சில நிமிடம் கறுத்திருந்தாலும் ரிமோட்டைத் தொடாமல், டிவி தானாக மறுபடி எழும்வரை காத்திருங்கள்.