அழைத்தால்தான் வேலை, அழைக்காவிட்டால் சம்பளமும் இல்லையா?

கேள்வி: நான் ஜெர்மனியில் ஒரு பேக்கரிக் கடையில் எட்டு மாதமாக வேலை செய்கிறேன். மணிக்கு 14 யூரோ. ஒப்பந்தத்தில் எத்தனை மணி நேரம் என்று போடவில்லை, “தேவைக்கேற்ப” என்று மட்டும் இருக்கிறது. ஒரு வாரம் 24 மணி நேரம் வரும், அடுத்த வாரம் 9 மணி நேரம்தான். கூட வேலை செய்யும் அக்கா, வாரத்துக்கு 20 மணி நேரச் சம்பளம் கேட்கலாம் என்கிறார். முதலாளியோ வேலை செய்யாததற்குச் சம்பளமா என்று சிரிக்கிறார். யார் சொல்வது சரி? கணக்கை எப்படி வைத்துக்கொள்வது?
— ஒரு வாசகி, ஷ்டுட்கார்ட்

பதில்: அக்கா சொல்வதுதான் சரி.

உங்களுடையது அங்கே ‘ஆர்பைட் அவுஃப் அப்ரூஃப்’ என்று சொல்லும் வகை, அதாவது கூப்பிடும்போது போகிற வேலை. ஆலோசனை மையத்துக்குப் போனால் இந்தப் பெயரைச் சொல்லுங்கள், உடனே புரிந்துகொள்வார்கள். பகுதிநேர வேலைச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, இப்படி ஆள் எடுக்கும் முதலாளி வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று பேசி எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் விட்டால் 20 மணி நேரம் என்று பேசியதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். 2018 முடியும்வரை இது 10 மணி நேரமாக இருந்தது, 2019இல் இரட்டிப்பாக்கினார்கள். ஒப்பந்தத்தில் “குறைந்தது 8 மணி நேரம்” என்று இருந்திருந்தால் உங்களுக்கு 8தான், அதற்கு மேல் கால் பங்கு, அதாவது 10 மணி நேரம் வரைதான் அவர் கூப்பிடலாம். எண் எதுவும் போடாதது அவர் விட்ட பிழை, அதன் பலன் உங்களுக்கு.

அந்த 20க்குக் குறைவாகக் கூப்பிட்டால் மீதி நேரத்துக்கும் சம்பளம் உண்டு. நீங்கள் வேலைக்குத் தயாராக இருந்தீர்கள், வேலை தராதது அவர். அந்த நேரத்தைப் பிறகு வந்து செய்து கொடு என்றும் அவர் கேட்க முடியாது. ஆனால் அதே நேரத்தில் வேறு இடத்தில் சம்பாதித்திருந்தால் அது கழிக்கப்படும்.

இனி கணக்கு. ஒரு சாதாரண நோட்டு போதும், ஆனால் வாரம் வாரமாக எழுதுங்கள், மாதமாக எழுதாதீர்கள். எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, இடைவேளை எவ்வளவு, இவற்றோடு அந்த வேலையை உங்களுக்கு எப்போது சொன்னார்கள் என்பதையும் எழுத வேண்டும். பலர் இந்தக் கடைசி விஷயத்தை விட்டுவிடுகிறார்கள், பாதி வழக்கு அதில்தான் இருக்கிறது. காரணம், வேலை நாளுக்கு முன் முழுதாக நான்கு நாள் இடைவெளி விட்டுச் சொன்னால்தான் நீங்கள் போயே ஆக வேண்டும். திங்கட்கிழமை வேலை என்றால் முந்தைய புதன்கிழமைக்குள் சொல்லியிருக்க வேண்டும். நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் வந்த அழைப்புக்கு முடியாது என்று சொன்னால் அந்த நேரத்தை உங்கள் சம்பளத்தில் கழிக்க முடியாது.

ஒரு மாதத்தைப் போட்டுப் பார்ப்போம். முதல் வாரம் 24 மணி நேரம் வேலை, குறை எதுவுமில்லை. இரண்டாம் வாரம் 9 மணி நேரம், குறை 11. மூன்றாம் வாரம் 12 மணி நேரம் செய்தீர்கள், இன்னொரு 5 மணி நேர வேலையை முந்தின நாள் மாலைதான் சொன்னார்கள், நீங்கள் போகவில்லை. அந்த 5ஐக் கழிக்க முடியாது, ஆகவே குறை 8. நான்காம் வாரம் 11 மணி நேரம், ஆனால் ஒரு வாரம் முன்பே சொல்லிவைத்த 5 மணி நேர வேலைக்குச் சொந்தக் காரியத்துக்காக நீங்களே வரமாட்டேன் என்றீர்கள். இந்த 5ஐக் கழிக்க வேண்டும், ஆகவே குறை 4 மட்டும். மொத்தம் 23 மணி நேரம், 14 யூரோவால் பெருக்கினால் வரிக்கு முன் 322 யூரோ.

“முதல் வாரம் 4 மணி நேரம் கூடச் செய்தாயே, அதைக் கழித்துக்கொள்” என்று முதலாளி நிச்சயம் சொல்வார். நேரத்தை வரவு வைத்துக் கழிக்கும் கணக்கு ஒன்று ஒப்பந்தத்தில் பேசப்பட்டிருந்தால் ஒழிய, ஒவ்வொரு வாரமும் தனித்தனி. 2023 அக்டோபர் 18இல் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் முடித்த ஒரு வழக்கில், அச்சுத் தொழில் நிறுவனம் ஒன்றில் இப்படி வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு, 20க்குக் கீழே போன அந்தந்த வாரங்களுக்கான பணம்தான் கிடைத்தது. அவர் கேட்டது அதைவிட அதிகம். முந்தைய வருடங்களில் மாதம் சராசரி நூறு மணி நேரத்துக்கு மேல் கூப்பிட்டார்கள், ஆகவே அதுவே என் வேலை நேரம் என்றார். நெடுநாள் அதிகமாகக் கூப்பிட்ட பழக்கம் மட்டும் ஒப்பந்தத்தை மாற்றிவிடாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே 24 மணி நேர வாரங்களைக் காட்டி 24 கேட்காதீர்கள், 20இல் நில்லுங்கள்.

காய்ச்சலில் படுத்த நாளையும் விடுமுறை நாளையும் குறையில் சேர்க்காதீர்கள், அவற்றின் சம்பளத்துக்குத் தனி விதி இருக்கிறது. ஆனால் 6 மணி நேரம் என்று பட்டியலில் போட்டுவிட்டு, கூட்டமில்லை என்று 2 மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பினால் நோட்டில் 6 என்றே எழுதி, அனுப்பிய நேரத்தைப் பக்கத்தில் குறித்துவையுங்கள். வேலைப் பட்டியல் வரும் வாட்ஸ்அப் குழுவை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், சண்டை என்று வந்ததும் முதலில் உங்களை நீக்குவது அந்தக் குழுவிலிருந்துதான்!

அப்புறம் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். பாக்கியை இத்தனை மாதத்துக்குள் கேட்காவிட்டால் போய்விடும் என்று ஒரு வரி இருக்கும், பெரும்பாலும் மூன்று மாதம். அந்த வரி இல்லையென்றால், பாக்கி ஏற்பட்ட வருடம் முடிந்து மூன்று வருடம்வரை கேட்கலாம். இருந்தால் இந்த வாரமே மின்னஞ்சல் அனுப்புங்கள்: எந்த வாரம், எத்தனை மணி நேரம் கூப்பிட்டீர்கள், எத்தனை குறை, எவ்வளவு யூரோ, நான் வேலைக்குத் தயாராகவே இருந்தேன், இருக்கிறேன். வாயால் கேட்டதை நிரூபிக்க முடியாது.

மின்னஞ்சல் போனதும் முதலாளி ஒரு புதுத் தாளோடு வரக்கூடும். “வாரம் 8 மணி நேரம்” என்று போட்டு, பழைய பாக்கி எதுவும் இல்லை என்ற வரியையும் உள்ளே வைத்திருப்பார்கள். அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள், வீட்டுக்கு எடுத்துப் போகிறேன் என்று சொல்லுங்கள். உங்கள் சம்மதமில்லாமல் ஒப்பந்தத்தை அவர் பாட்டுக்கு மாற்ற முடியாது.

தரவில்லை என்றால் தொழிலாளர் நீதிமன்றம். முதல் படியில் வக்கீல் கட்டாயமில்லை, அங்கேயே இருக்கும் மனுப் பிரிவில் உங்கள் நோட்டைக் கொடுத்தால் மனுவை எழுதித் தருவார்கள். வக்கீல் வைத்தால் ஜெயித்தாலும் அந்தச் செலவு உங்களுடையதுதான், அதனால் 322 யூரோவுக்கு வக்கீலிடம் ஓடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்களுக்கு ‘ஃபேர இன்டெக்ராட்சியோன்’ என்ற இலவச ஆலோசனை மையங்கள் இருக்கின்றன, முதலில் அங்கே போங்கள்.

வேலை போய்விடுமா என்ற பயம் உங்களுக்கு இருக்கும், அது வீண் பயமும் இல்லை. உரிமையைக் கேட்டதற்காகப் பழிவாங்கக் கூடாது என்று சட்டம் இருந்தாலும், அதற்காகத்தான் நீக்கினார் என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். ஆறு மாதம் தாண்டியதால் வரும் பணிநீக்கப் பாதுகாப்பு, பொதுவாகப் பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில்தான் உண்டு. பகுதிநேர ஆட்களை முழு ஆளாக எண்ண மாட்டார்கள், அதனால் சின்னக் கடை அதில் வராமல் போகலாம். நீக்கக் கடிதம் வந்தால் மூன்று வாரத்துக்குள் நீதிமன்றத்தில் எதிர்க்க வேண்டும். முன்னறிவிப்புக் காலத்தில் அவர் உங்களைக் கூப்பிடாமல் விட்டாலும் அந்த வாரங்களுக்கும் 20 மணி நேரம் ஓடுகிறது, நோட்டை மூடிவிடாதீர்கள்.