14 பேலட்டுக்கு இருபது அடி கன்டெய்னர் போதுமா?

கோவை: பம்ப் 6 பேலட் (மரப்பெட்டி, 1.1 மீட்டர் உயரம், 1,100 கிலோ). பிளாஸ்டிக் ஃபிட்டிங்ஸ் 8 பேலட் (அட்டைப்பெட்டி, 1 மீட்டர், 250 கிலோ). எடை ஒரு பேலட்டுக்கு. எல்லாம் 1200 x 1000 மில்லிமீட்டர். ஏஜென்ட் நாற்பது அடி என்கிறார். சரியா சார்?

வேண்டாம், இருபதே போதும். பேலட்டை எண்ணாமல், தரையில் எத்தனை இடம் பிடிக்கும் என்று எண்ணுங்கள். பம்ப் மேல் ஃபிட்டிங்ஸ் வைத்தால் 2.1 மீட்டர், கதவு உயரமோ சுமார் 2.28. வெளியிலேயே அடுக்கி, ஃபோர்க்லிஃப்டில் கொஞ்சம் தூக்கி நுழைத்துவிடலாம். இப்படி 6 அடுக்கு, மிச்சம் 2 ஃபிட்டிங்ஸ் ஒன்றன்மேல் ஒன்றாக, ஆக 7 இடம்தான். எடையும் 8.6 டன்தான். ஆனால் பெட்டி பேலட்டை விட்டு வெளியே பிதுங்கக்கூடாது. பம்ப் பெட்டியின் மூடி நிஜமாகவே 250 கிலோ தாங்குமா என்றும் பேக்கிங் செய்தவரிடம் கேளுங்கள்.

ஈரோடு: எங்களுக்கு இருபது அடியில் 9 பேலட்தான் ஏறுகிறது. 10 என்கிறார்களே?

ஒரு பக்கம் முழுக்கக் குறுக்காக 5, மறுபக்கம் நீளவாக்கில் 4 என்று வைக்கிறீர்கள். பாதியில் மாற்றுங்கள்: இடது பக்கம் முதலில் குறுக்காக 3, பிறகு நீளவாக்கில் 2. வலது பக்கம் முதலில் நீளவாக்கில் 3, பிறகு குறுக்காக 2. உள் அகலம் 2.35 மீட்டர், குறுக்காக ஒன்றும் நீளவாக்கில் ஒன்றும் சேர்ந்து 2.2, ஆக 15 சென்டிமீட்டர்தான் மிச்சம். பிதுங்கிய ஒரு அட்டைப்பெட்டி போதும், 10ஆவது நுழையாது.

கரூர்: எனக்கு 18 பேலட், எந்த கன்டெய்னர்?

உயரம், எடை, அடுக்கலாமா கூடாதா என்று சொல்லாமல் இதே கேள்வியோடு வரும் மூன்றாவது ஆள் நீங்கள். மூன்றையும் எழுதுங்கள், பதில் தருகிறேன்.

தூத்துக்குடி: கனமானதை உள்ளே தள்ளி, லேசானதைக் கதவுப் பக்கம் வைப்பதுதானே முறை? பத்து வருஷமாக அப்படித்தான் ஏற்றுகிறோம்.

பாதி சரி. கதவு திறந்ததும் சரக்கு சரிந்து விழாமல் இருக்க அது உதவும். ஆனால் நீளத்தில் ஒரு பாதியில் மொத்த எடையில் 60 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. கோவைக்காரரின் 6 பம்ப் பேலட்டையும் உள் பாதியிலேயே குவித்தால் அந்தப் பக்கம் முக்கால் பங்குக்கு மேல் போய்விடும், கிரேன் தூக்கும்போது சாயும். முன்னால் 3, பின்னால் 3 வையுங்கள்.

தூத்துக்குடி: 3 பின்னால் வைத்தால் கதவில் இடிக்குமே சார்?

கட்டாவிட்டால் இடிக்கும்தான். அதனால்தான் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன், காலி இடத்தை விட்டுவைக்காதீர்கள்: 7 இடம் போக மிச்சத் தரையில் மரக்கட்டை அடித்துத் தடுங்கள், இடைவெளிகளில் காற்றுப்பை வையுங்கள்.

மதுரை: எங்களுடையது கிரானைட், 24 டன். நாற்பதில் தாராளமாக வைக்கலாமா?

இருபதிலேயே வையுங்கள். நாற்பதின் நீளம் இரட்டிப்பு, தாங்கும் எடை இரட்டிப்பு இல்லை. லாரிக்கு அனுமதித்த எடையை மட்டும் டிரான்ஸ்போர்ட்டரிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.