குடித்த இரவில் தலைசுற்றல்: நீர் மாத்திரையை நிறுத்தலாமா, இளநீர் கொடுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது, நீடாமங்கலம் பக்கம் விவசாயம். ஹார்ட் வீக் என்று சொல்லி லேசிக்ஸ் 40, ஆல்டாக்டோன் 25, எனலாப்ரில், கார்வெடிலால் கொடுத்திருக்கிறார்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் சாயங்காலம் ஒரு குவார்ட்டர் போடுவார். அன்றைக்கு ராத்திரி எழுந்தால் தலை சுற்றி விழுகிறார். குடிக்கிற அன்றைக்கு மட்டும் நீர் மாத்திரையை விட்டுவிடலாமா? இளநீர் கொடுத்தால் சரியாகுமா?

பதில்:

இரண்டுமே வேண்டாம்.

முதலில் மாத்திரை. காலை 7 மணிக்குப் போட்ட லேசிக்ஸ் ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி, மதியம் ஒன்று இரண்டு மணிக்கெல்லாம் முடித்துவிடும். சாயங்காலம் அவர் பாட்டிலைத் திறக்கும்போது மாத்திரையின் வேகம் உடம்பில் இருக்காது. அது வெளியேற்றிய நீரும் உப்பும்தான் குறைந்திருக்கும். அன்றைய மாத்திரையை விட்டால் அந்த நீரும் உப்பும் உள்ளேயே தங்கிவிடும். மதுவோடு தொட்டுக்கொள்ளும் ஊறுகாய், மிக்சர், கருவாடு எல்லாமே உப்பு. அடுத்த ஓரிரு நாளில் கால் வீங்கும், படுத்தால் மூச்சு வாங்கும். வீட்டில் பயந்துபோய் ஒன்றுக்கு இரண்டாக மாத்திரை கொடுப்பார்கள், மறுபடியும் தலை சுற்றும். மாத்திரையை நாள் பார்த்து விடுகிற வீடுகளில் இந்தச் சுழற்சி நிற்பதே இல்லை.

அவர் விழுவதற்குக் காரணம் இரவில் இருக்கிறது. ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருந்தால் அதில் சுத்தமான ஆல்கஹால் ஏறக்குறைய 60 கிராம். நீரை அதிகம் வெளியேற்றாதே என்று சிறுநீரகத்துக்குச் சொல்ல மூளை ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது, மது அதைத் தடுத்துவிடும். ஒரு கிராம் ஆல்கஹாலுக்குச் சுமார் 10 மில்லி சிறுநீர் கூடுதலாகப் போகும் என்று வைத்துக்கொண்டால், அரை லிட்டருக்கு மேல் வந்துவிடுகிறது. பகலில் குறுவை அறுப்பில் வெயிலில் நின்று வியர்த்திருப்பார். தண்ணீரும் ஒன்றரை லிட்டருக்கு மேல் குடிக்காதீர்கள் என்று டாக்டர் அளவு சொல்லியிருக்கலாம். இத்தனைக்கும் மேலேதான் இந்த அரை லிட்டர் போகிறது.

மது ரத்தக் குழாய்களையும் விரித்துவிடும். சாதாரண ஆளுக்கு எழுந்து நிற்கும்போது பிரஷர் இறங்கினால், குழாய்கள் உடனே சுருங்கி, இதயம் வேகமாகத் துடித்துச் சமாளிக்கும். உங்கள் அப்பாவுக்கு எனலாப்ரிலும் கார்வெடிலாலும் குழாய்கள் சுருங்குவதைக் குறைக்கின்றன. துடிப்பு ஏறவிடாமல் கார்வெடிலால் பிடித்துவைக்கிறது. இதயத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றேதான் இப்படிக் கொடுக்கிறார்கள், மாத்திரையில் பிழை இல்லை. ஆனால் குடித்த இரவில் சமாளிக்கும் வழிகள் எல்லாம் அடைபட்டிருக்கும். இரவுக் கார்வெடிலாலின் வேகமும் மதுவின் வேகமும் ஒன்றுசேரும் நேரத்தில் சிறுநீர் முட்டி, சட்டென்று எழுந்து கொல்லைப்பக்கம் நடப்பார். நின்றபடி சிறுநீர் கழிக்கும்போது பிரஷர் இன்னும் கொஞ்சம் இறங்கும். பெரும்பாலும் விழுவது அங்கேதான்.

இதை வீட்டிலேயே பிரஷர் மெஷினில் பார்க்கலாம். ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒரு முறை எடுங்கள். எழுந்து நிற்கச் சொல்லி, ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் எடுங்கள். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அது நிற்கும்போது வரும் பிரஷர் சரிவு. உதாரணமாக, படுத்திருக்கையில் 108/70, நாடி 64. நின்றதும் 84/58, நாடி 68. நாடி நான்குதான் ஏறியிருக்கிறது, இதயம் ஈடுகட்ட முடியவில்லை என்று பொருள். உட்கார்ந்து மட்டும் எடுத்தால் 104/68 என்று நன்றாகவே காட்டும், ஒன்றுமில்லை என்று விட்டுவிடுவார்கள்.

எடையும் பாருங்கள். காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுவதற்கு முன் எடுக்க வேண்டும். ஓரிரு நாளில் ஒன்றரை கிலோ குறைந்து, நாக்கு வறண்டு, சிறுநீர் அடர் மஞ்சளாகக் கொஞ்சமாக வந்தால் நீர் வற்றியிருக்கிறது. மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் நீர் கோத்திருக்கிறது. இரண்டிலும் டாக்டரைக் கூப்பிட வேண்டும், மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

இனி இளநீர். லேசிக்ஸ் சிறுநீரில் பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் இறக்கிவிடும். மதுவும் மெக்னீசியத்தைக் கழிக்கும், குடித்துவிட்டுச் சோறு சாப்பிடாமல் படுப்பதும் வாந்தி எடுப்பதும் இன்னும் குறைக்கும். பொட்டாசியம் இறங்கினால் கால் இழுக்கும், உடம்பு துவளும், நெஞ்சு தாறுமாறாகத் துடிக்கும். மெக்னீசியம் குறைவாக இருக்கும்வரை பொட்டாசியத்தை எவ்வளவு ஏற்றினாலும் நிற்காது. அதனால்தான் இளநீர் என்கிறார்கள். லேசிக்ஸ் மட்டும் போடுகிறவருக்கு அந்த யோசனையில் நியாயம் உண்டு.

உங்கள் அப்பா ஆல்டாக்டோனும் எனலாப்ரிலும் சேர்த்துப் போடுகிறார். இரண்டுமே பொட்டாசியத்தை உடம்பில் தேக்கிவைப்பவை. நீர் வற்றிச் சிறுநீரகம் மந்தமானால் பொட்டாசியம் குறைவதற்குப் பதில் ஏறவும் கூடும். ஏறினாலும் துவளும், துடிப்பு கெடும். ஆளைப் பார்த்து எது என்று சொல்லவே முடியாது. தோப்பில் வெட்டிய இளநீர் ஒவ்வொன்றிலும் கணிசமான பொட்டாசியம் இருக்கிறது. ஏறியிருக்கும் நேரத்தில் இரண்டு மூன்று குடித்தால் இதயம் நின்றுபோகும் அளவுக்கு ஆபத்து. ஆகவே முதலில் ரத்தப் பரிசோதனை: சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின், யூரியா, கூடவே மெக்னீசியம். மெக்னீசியத்தைப் பல லேப்களில் கேட்டால்தான் பார்ப்பார்கள். பொட்டாசியம் சாதாரணமாக 3.5 முதல் 5 வரை. இதயம் பலவீனமானவருக்கு 4-க்கு மேல் இருப்பதையே டாக்டர்கள் விரும்புவார்கள். ஒரு இசிஜியும் எடுத்துவிடுங்கள். மாத்திரைப் பட்டியலில் டிகாக்சின் என்ற இதய மாத்திரை இருந்தால் பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது. பொட்டாசியம் குறைந்தால் டிகாக்சின் வழக்கமான அளவிலேயே நஞ்சாகும்: குமட்டல், பார்வையில் மஞ்சள், நாடி மிக மெதுவாகப் போவது.

இன்றைக்கே குடித்துவிட்டு வந்திருந்தால் சோறு சாப்பிடவையுங்கள். பிரஷர் மேல் எண் 90-க்குக் கீழே இருந்தாலோ, நின்றதும் தலை சுற்றினாலோ, இரவுக் கார்வெடிலால் கொடுக்கும் முன் டாக்டரிடம் போனில் கேளுங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் சிறுநீர்ப் பாத்திரம் வையுங்கள். எழுவதானால் கால்களைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்த பிறகே எழ வேண்டும். வாந்தி பேதி நிற்காமல் போனால் காலை மாத்திரைகளில் எதை நிறுத்துவது என்று அன்றே கேட்க வேண்டும், அதுமாதிரி நாளில் சிலவற்றை டாக்டரே நிறுத்தச் சொல்வார். மயங்கி விழுந்தால், தலையில் அடிபட்டால், நெஞ்சு படபடத்தால், குழம்பிப் பேசினால் காத்திருக்காமல் 108.

இந்த மருந்துகளோடு 'இவ்வளவு குடிக்கலாம்' என்று நான் அளவு சொல்ல மாட்டேன். இதயம் பலவீனமானதற்குக் குடியே காரணமாக இருந்தால், விட்டபின் சில மாதங்களில் எக்கோவில் இதயத்தின் வலு கூடுவதும் உண்டு. வாரம் இரண்டு மூன்று நாள் என்பது உண்மைதானா என்று அவரிடம் தனியாகக் கேளுங்கள். தினமும் குடிக்கிறவர் என்றால் ஒரேயடியாக வீட்டிலேயே நிறுத்தக் கூடாது. கை நடுக்கம் சில மணி நேரத்தில் தொடங்கும், இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். எத்தனை நாள், எவ்வளவு என்பதை மறைக்காமல் எழுதி, எடை, பிரஷர் குறிப்போடு இதய டாக்டரிடம் கொடுங்கள். ஆஸ்பத்திரியில் வைத்து நிறுத்துவதா, வெளியில் மருந்து கொடுத்து நிறுத்துவதா என்று அதைப் பார்த்து அவர் முடிவு செய்வார்.