கேட்காமல் வந்த டோக்கன்

"நான் வாங்காத டோக்கன் வாலட்டுக்கு வந்திருக்கிறது. அதை விற்கப் போனால் ஒரு தளம் என் USDT-க்கு Approve கேட்கிறது. சும்மா ஏன் தருகிறார்கள்?"

டாலர் மதிப்புள்ள உங்கள் USDT டோக்கன்களை அவர்கள் எடுத்துக்கொள்ள வழிவிடும் அந்த அனுமதியைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். இலவசமாக டோக்கன் வழங்கும் ஏர்டிராப் உண்மையானதாக இருந்தால் அதற்குக் காரணம் இருக்கும்: 2020 செப்டம்பரில், போட்டித் தளமான சுஷிஸ்வாப் தன் டோக்கனைக் காட்டி, டோக்கன் பரிமாற்றத் தளமான யூனிஸ்வாப்பில் முதலிட்டிருந்தவர்களை இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில், யூனிஸ்வாப் அம்மாதம் முதல் தேதிக்கு முன் தன்னைப் பயன்படுத்திய ஒவ்வொரு வாலட் முகவரிக்கும் தன் டோக்கனான UNI-யில் 400 ஒதுக்கியது. டோக்கனோடு தளத்தின் முடிவுகளில் வாக்குரிமையும் கிடைத்ததால் பயனர்கள் பங்காளிகளானார்கள். விளம்பரத்தால் இந்தப் பிடிப்பு வராது என்பது என் கருத்து.

பெற்றவர்கள் தாங்களே உரிமை கோரி, எதீரியம் கட்டணத்தை மட்டும் செலுத்தினார்கள். வேறு டோக்கனைத் தொட எவருக்கும் அனுமதி தர வேண்டியிருக்கவில்லை. வந்த டோக்கனை விற்க உங்கள் USDT-க்கு அனுமதி கேட்பது திருட்டு முயற்சி. ஏற்கெனவே கொடுத்திருந்தால் உடனே ரத்து செய்யுங்கள்.