ஒரு சரளி வரிசைக்கும் ‘ஆம்’ உண்டு

கேள்வி: வீணை கற்கிறேன். தினமும் ஒரு மணி நேரம் சாதகம். இரவு ஒன்பது மணிக்கு டீச்சர் வாட்ஸ்அப்பில் ‘இன்னிக்கு வாசிச்சியா?’ என்று கேட்பார். ஆபீஸில் மாதக் கடைசி வேலை முடிந்து வரும் நாட்களில் உட்காரவே முடிவதில்லை. ‘இல்லை’ என்று எழுதக் கூசி, இப்போது மெசேஜைத் திறப்பதே இல்லை. 21 நாள் விடாமல் செய்தால் பழகிவிடும் என்கிறார்களே, எனக்கு ஏன் வரவில்லை?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: அந்த 21 நாள் கணக்கை இந்தப் பக்கத்தில் பலமுறை சாடியிருக்கிறேன். போன தடவை எழுதியபோது, பயிலரங்கு நடத்தும் ஒருவர் கொதித்துப்போய் நான்கு பக்கக் கடிதம் அனுப்பினார். நான்கு பக்கத்திலும் ஓர் ஆதாரம் இல்லை. அதனால் திரும்பவும் சொல்கிறேன். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் எழுதியது இவ்வளவுதான்: முகத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குத் தங்கள் புது முகம் பழகக் குறைந்தது 21 நாள் போல ஆகிறது. ‘குறைந்தது’ போயிற்று, முகமும் போயிற்று; வெறும் எண்ணை மேடைக்கு மேடை விற்கிறார்கள்.

பழக்கத்தை உட்கார்ந்து அளந்தவர்கள் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் பிலிப்பா லாலியும் சகாக்களும். 96 பேரை 12 வாரம் கவனித்து 2010-ல் வெளியிட்டார்கள். செயல் தானாக வரும் நிலைக்கு 18 நாளில் வந்தவரும் உண்டு, 254 நாள் ஆகும் என்று கணிக்கப்பட்டவரும் உண்டு. நடு அளவு 66. உங்களுக்கு வேண்டிய செய்தி இனிமேல்தான்: ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் சொல்லும்படி பின்வாங்கவில்லை.

ஆக, விட்டுப்போன அந்த ஒரு மணி நேரத்தால் உங்களுக்குக் கேடில்லை. திறக்காத மெசேஜ்தான் கேடு. ஒரு நாள் பதில் போடாதவருக்கு மறுநாள் இரண்டு நாளுக்குச் சேர்த்துச் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கிறது. நான்காம் நாள் டீச்சர் பெயரைத் திரையில் பார்த்தாலே போனைக் கவிழ்த்து வைக்கத் தோன்றும். களைத்த நாளிலும் கூசாமல் பதில் போடும்படி ஒரு குட்டிச் சாதகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அது இப்படி இருக்கட்டும். வழக்கமான நேரம், வழக்கமான பாய். சுருதிப் பெட்டியைப் போடுங்கள். ஏழு தந்திகளோடும் மல்லுக்கு நிற்க வேண்டாம். வாசிக்கும் சாரணித் தந்தியை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாயாமாளவகௌளையில் முதல் சரளி வரிசை, முதல் காலம், ஒரே முறை. ஏறியிறங்கப் பதினாறு ஸ்வரம், ஆதி தாளத்தில் இரண்டு ஆவர்த்தனம். நிதானமாக வாசித்தாலும் அரை நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். களைத்த நாளில் உண்மையான மலை, வீணையை உறையிலிருந்து எடுப்பது. ஆகவே மாதக் கடைசி வாரத்தில் வீணை உறைக்கு வெளியே, கைபடாத மூலையில், ஒரு துணி போர்த்தி இருக்கட்டும்.

இந்த அளவை ஒரு தெம்பான ஞாயிற்றுக்கிழமை முடிவுசெய்து டீச்சரிடமும் சொல்லிவிடுங்கள். களைத்த இரவில் அளவு பேசினால் அது பேரம், அந்தப் பேரத்தில் அலுப்புதான் ஜெயிக்கும். டீச்சருக்கான பதிலும் இரண்டு வகையாகட்டும்: ‘முழுசு’ அல்லது ‘சிறுசு’. அரை நிமிஷம் வாசித்துவிட்டு வெறுமனே ‘ஆம்’ என்று போட்டால் உங்களுக்கே உறுத்தும், டீச்சருக்கும் கணக்குத் தப்பும். ‘சிறுசு’ என்று போட்டால் அது முழு உண்மை.

இது கெட்டுப்போகும் வழி ஒன்றுண்டு. உட்கார்ந்த பிறகு உற்சாகம் வந்து இருபது நிமிஷம் வாசித்துவிடுவீர்கள். தாராளமாக வாசியுங்கள். ஆனால் மறுநாள் முதல் ‘சிறுசு’ என்றாலே இருபது நிமிஷம் என்று மனசு உயர்த்திவிடும். அடுத்த மாதக் கடைசியில் பழையபடி போன் கவிழும். அளவு அந்த ஒரு வரிசைதான், மிச்சமெல்லாம் உபரி.

இதனால் கை தேறும் என்று நான் சொல்லவில்லை. வாரக்கணக்கில் வெறும் சரளி வரிசையோடு நிறுத்தினால், இடது விரல் நுனியில் தந்தி பட்டுப் பட்டு ஏறிய காய்ப்பு இளகிவிடும். பிறகு முழுச் சாதகத்துக்கு உட்காரும்போது விரல் எரியும். மாதக் கடைசி நான்கைந்து நாளுக்கு இது போதும். மாதம் பிறந்தும் தொடர்ந்து இரண்டு வாரம் ‘சிறுசு’ என்றே போய்க்கொண்டிருந்தால், ஒரு மணி நேரம் என்ற கணக்கே உங்கள் வேலைக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம். டீச்சரிடம் பேசி அரை மணியாக்குங்கள், அல்லது காலைக்கு மாற்றுங்கள்.

மணிக்கட்டு வலித்தாலோ காய்ச்சல் அடித்தாலோ அந்த அரை நிமிஷமும் வேண்டாம். ‘இன்று இல்லை, மணிக்கட்டு வலி’ என்று எழுதுங்கள். வலி என்று தெரிந்தால்தான் டீச்சர் உங்கள் கை வைக்கும் முறையைப் பார்த்துத் திருத்த முடியும்.