காசு இன்னும் வரவில்லை: வெளிநாட்டுக்காரருக்கு எப்படி எழுதுவது?

வங்கியில் வெளிநாட்டுக் காசு பார்க்கும் பிரிவில் நெடுங்காலம் இருந்த திருகோணமலை அக்கா பதில் சொல்கிறார்.

நிலாவெளித் தம்பி: ஜேர்மனியில் இருக்கிற ஒரு அண்ணாவுக்கு கல்யாண வீடியோ எடிட் பண்ணிக் கொடுத்தேன், 600 யூரோ. அனுப்பிவிட்டேன் என்று செவ்வாய் ஸ்கிரீன்ஷொட் போட்டார், அடுத்த வெள்ளியும் வந்துவிட்டது, காசு இல்லை. "நீங்கள் உண்மையிலேயே அனுப்பினீர்களா? ப்ரூஃப் அனுப்புங்கள்" என்று எழுதி வைத்திருக்கிறேன். திருத்தித் தாருங்கள் அக்கா.

பதில்: முதல் வசனத்தைத் தூக்கு. அவர் அனுப்பியிருந்தால் கோபம் வரும், அனுப்பாவிட்டாலும் அதற்குப் பதில் வராது. ப்ரூஃப் என்று மட்டும் கேட்டால் அதே ஸ்கிரீன்ஷொட்தான் திரும்பி வரும். அது அவர் தன் வங்கிக்குக் கட்டளை கொடுத்ததைக் காட்டும், காசு அங்கிருந்து கிளம்பியதைக் காட்டாது. உனக்கு வேண்டியது இரண்டு: வங்கி அனுப்பிய செய்தியின் பிரதி, அதில் இருக்கிற UETR, அதாவது அந்தக் காசு எங்கே நிற்கிறது என்று தேட உதவும் தனி இலக்கம். பிரதியை இன்னும் எல்லாரும் MT103 என்றுதான் சொல்வார்கள். 2025 நவம்பருக்குப் பிறகு வங்கிகளுக்கிடையில் போவது pacs.008 என்ற புதிய வடிவம், ஆனாலும் பழைய பெயரில் கேட்டால் புரியும். UETR இப்படி இருக்கும், கோடுகளோடு 36 எழுத்து:

```
xxxxxxxx-xxxx-4xxx-xxxx-xxxxxxxxxxxx
```

இப்படி எழுது:

"அண்ணா வணக்கம். நீங்கள் செவ்வாய் அனுப்பிய 600 யூரோ இன்று காலை வரை என் கணக்கில் விழவில்லை, இங்கே வங்கியிலும் கேட்டுப் பார்த்தேன். இடையில் எங்கேயாவது நிற்கிறதா என்று தேட, உங்கள் வங்கியிலிருந்து MT103 பிரதியும் UETR இலக்கமும் வேண்டும். ஒன்லைனில் தெரியாவிட்டால் வங்கியைக் கேட்டால் எடுத்துத் தருவார்கள். பிரதியில் என் பெயரும், கணக்கு இலக்கம் 4417 என்று முடிகிறதா என்பதையும் ஒருக்கா பாருங்கள். திங்கள் மதியத்துக்குள் கிடைத்தால் அன்றைக்கே இங்கே கொடுத்துவிடுவேன்."

முழுக் கணக்கு இலக்கத்தைத் திரும்ப எழுதாதே. உங்கள் மெயிலுக்குள் யாரோ புகுந்து, உன் பெயரில் வேறு கணக்கைக் கொடுத்திருக்கவும் கூடும். பிரதியில் வேறு இலக்கம் இருந்தால் மெயிலை விட்டுவிட்டு உடனே அழைத்துப் பேசு. காசைத் திருப்பிக் கேட்க அவருடைய வங்கியால்தான் முடியும், அதுவும் சீக்கிரம் சொன்னால்தான் பலன்.

உப்புவெளி, விருந்தினர் விடுதி: MT103 வந்தால் காசு வந்த மாதிரித்தானே? ஒரு குரூப் அதைக் காட்டி அறைகளை உறுதி செய்யச் சொல்கிறார்கள்.

பதில்: பாதி சரி. உண்மையான பிரதி என்றால் அந்த வங்கி அனுப்பியிருக்கிறது, ஆனால் அது இன்னும் வழியில் இருக்கலாம், திரும்பியும் போகலாம். பிடிஎஃப்-ஐ யாரும் திருத்தலாம் என்பதையும் மறக்காதீர்கள். UETR-ஐ உங்கள் கிளையில் கொடுத்துப் பாருங்கள், சிறிய கிளை என்றால் கொழும்பில் கேட்டுத்தான் சொல்வார்கள். கணக்கில் விழும்வரை "இன்னும் உறுதி செய்யவில்லை" என்றே பதில் போடுங்கள்.

ஓர்ஸ் ஹில், மொழிபெயர்ப்பு: எனக்கு வந்தது, ஆனால் 22 டொலர் குறைவு. இதற்கும் இந்த மெயில் போடலாமா?

பதில்: உங்களது வேறு கதை தங்கச்சி, காசு காணாமல் போகவில்லை. பிரதியில் கட்டணம் யாருடையது என்று சொல்லும் 71A என்ற இடத்தில் SHA, அதாவது இருவரும் பகிர்வது, என்றிருந்தால் இடையில் நிற்கிற வங்கிகள் தங்கள் கட்டணத்தை வெட்டிக்கொண்டுதான் அனுப்பும். அடுத்த இன்வொய்ஸில் OUR என்று போட்டு அனுப்பச் சொல்லுங்கள், அப்போது கட்டணம் அனுப்புகிறவருடையது. இந்த 22 டொலரை அவர் தந்தால் உண்டு.

நிலாவெளித் தம்பி: UETR கிடைத்தது அக்கா. இடை வங்கியில் நிற்கிறதாம், ஏன் என்று கிளையில் தெரியாதாம். எங்கள் வங்கியே தேடாதா?

பதில்: அவர்கள் கேட்டுப் பார்ப்பார்கள், ஆனால் இடை வங்கி விளக்கம் கேட்பது பெரும்பாலும் அனுப்பிய வங்கியிடம்தான். பெயர் சரியாகப் பொருந்தாமல் இருக்கலாம், எதற்கான காசு என்று கேட்டிருக்கலாம், இங்கிருந்து அதைச் சொல்ல முடியாது. அண்ணாவுக்கு இரண்டே வரி போடு: "காசு இடை வங்கியில் நிற்கிறது. உங்கள் வங்கியிடம் இந்த UETR-ஐக் கொடுத்து விசாரணை திறக்கச் சொல்லுங்கள், ஏதாவது கேள்வி வந்து பதில் இல்லாமல் கிடக்கிறதா என்றும் கேளுங்கள்." இன்வொய்ஸையும் சேர்த்து அனுப்பு, அதில் உன் பெயர் வங்கிப் புத்தகத்தில் இருக்கிற மாதிரியே இருக்கட்டும். எத்தனை நாள் என்று சொல்ல மாட்டேன். நாலு நாளில் விட்டதும் உண்டு, வாரக்கணக்கில் இழுத்ததும் உண்டு. நடுவில் போயா வந்தால் இங்கே வங்கி பூட்டு, அதையும் கணக்கில் எடு. இது முடிவதற்குள் அவர் இன்னொரு தடவை அனுப்புகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல், முதல் காசு திரும்பியதா என்று அவருடைய வங்கி எழுத்தில் சொல்லட்டும்.